ஆயுத பூஜையன்று அக்கா எழுதிய பதில்கள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் கோவையைச் சுற்றியிருந்த பாதி மில்களுக்கு நான் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கும் ஒன்று உண்டு; அதை யாரும் கேட்டதில்லை. காந்திபுரத்தில் தறி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மில் தொழிலாளர்களின் சம்பளம், லீவு, போனஸ் எல்லாவற்றையும் கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்து விற்றோம். விற்பது முதலாளி, செய்வது பையன்கள், அது மக்கர் பண்ணினால் பேச்சு வாங்குவது நான். ஃபோனை எடுத்தால் "ஏனுங்க அக்கா, மறுக்காவும் நின்னுபோச்சுங்க" என்றுதான் தொடங்கும். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். ஆனாலும் திட்டுவதென்றால் ஃபோனைக் கீழே வைத்த பிறகுதான் திட்டுவேன்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இதா, பாத்துப்போடறேனுங்க." எங்கள் பக்கத்தில் இந்த 'இதா' என்பதற்குப் பத்து நிமிஷம் என்றும் அர்த்தம், சாயங்காலம் என்றும் அர்த்தம். எது என்பது சொல்கிற குரலில் இருக்கும். நான் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் "செரி, நாளைக்குத்தான் போலிருக்குது" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள். யாரும் ஏமாந்ததில்லை. யாரையும் காத்திருங்கள் என்று வாயால் சொல்லவும் வேண்டியதில்லை.

அந்தக் குரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது அன்னூருக்குப் பக்கத்து நூல் மில் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொண்ணு. இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். நான் ஒரு தடவை சொன்னால் மறு தடவை அதற்காகக் கூப்பிட மாட்டாள். கெட்டிக்காரி. ஒரு நாள் வேலையெல்லாம் முடிந்த பிறகும் ஃபோனை வைக்காமல் இருந்தாள். "என்ன கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. இந்தக் கம்ப்யூட்டரு ஓடற வரைக்கும்தான் என்னைய வேலைக்கு உடறேன்னு எங்கப்பாரு சொல்லிப்போட்டாருங்க. மில்லுல வேண்டாம்னு சொன்னா அன்னைக்கே கல்யாணம். மாமன் ஊட்டுல கேட்டுட்டே இருக்கறாங்க."

"மாப்பிள்ளை எப்படி?"

"என்னைய விட ரொம்பப் பெரியவருங்க. சூலூர்ப் பக்கம் தறி போட்டிருக்காரு." பிறகு, "எனக்கு இந்த ரூமு போதுங்க அக்கா" என்றாள். ஏசி போட்ட அந்தச் சின்ன அறையைத்தான் சொன்னாள். மில்லிலேயே பஞ்சு பறக்காத இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளுடைய மில்லிலிருந்து ஃபோன் வந்தால் நானே ஓடிப்போய் எடுப்பேன். அவள் பிழைப்பு எங்கள் சாஃப்ட்வேரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மில்கள் கூடக் கூட இரண்டு ஃபோன் லைனும் போதவில்லை. முதலாளி இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கினார். இனிமேல் குறை எதுவானாலும் இமெயிலில் எழுதுங்கள் என்று எல்லா மில்லுக்கும் சொன்னோம். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைத்தோம். அது அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே ஃபோன் லைனில் இன்டர்நெட்டைப் பிடித்து, வந்திருக்கும் கடிதங்களை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். அந்த நம்பருக்குப் பெயர் டிக்கெட். "டிக்கெட்டுன்னா பஸ்ஸுக்குங்களா?" என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்டார். நம்பர் கொடுத்த கையோடு, கடிதம் கிடைத்தது என்று எழுதியவருக்கு ஒரு பதிலையும் அதுவே அனுப்பிவிடும். அதை மனிதர் யாரும் தொட வேண்டியதில்லை. அந்தப் பதிலில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை வந்தது.

நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஞாயிறும் பண்டிகையும் லீவு, ஆபீஸ் நேரத்தில் நாலு மணி நேரத்துக்குள் ஒரு ஆள் உங்களுக்குப் பதில் எழுதுவார், சம்பளப் பட்டுவாடாவே நின்றுபோனால் காத்திருக்காமல் ஃபோன் பண்ணுங்கள். அவ்வளவுதான். முதலாளி படித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"ஏனம்மணி, ஊட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிறுத்தி, நாலு மணி நேரங் கழிச்சு வாங்கன்னு சொல்லுவமா? இத ரயில்வே டேசன்ல ஒட்டலாம். நம்ம ஆபீஸ்ல வேண்டாம்."

"உள்ளதத்தானுங்க சொல்லீருக்கேன்."

"உள்ளதச் சொல்றதுக்கும் ஒரு பதம் இருக்குது."

பதமாக எழுதுகிற வேலை எங்கள் பையன்களில் ஒருவனிடம் போயிற்று. மூலைக் கம்ப்யூட்டரை அமைத்தவனும் அவன்தான். நல்லவன், அதுதான் அவனிடம் இருந்த கஷ்டம். யாரையும் புண்படுத்த மாட்டான்; ஆபீஸுக்குள் வரும் பூனையைக் கூட "போங்க" என்பான். அவன் என்ன யோசித்தான் என்றால், ஒரே வாசகம் திரும்பத் திரும்பப் போனால் மெஷின் என்று தெரிந்துவிடும். ஆகவே நாலு வாசகம் எழுதினான். முதல் கடிதத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று என்று கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். அப்போது திரையில் தமிழ் எழுத்து ஒரு மெஷினில் தெரிந்தால் இன்னொன்றில் கட்டம் கட்டமாக வரும். அதனால் பேச்சுத் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தான். அதோடு விட்டிருக்கலாம். நாலுக்கும் கீழே 'அன்புடன், அக்கா' என்று போட்டுவிட்டான்.

"யாரக் கேட்டுடா என்னைய உள்ள இழுத்த?" என்றேன்.

"அக்கான்னாத்தானுங்க அவங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். இதுதான் பதம் என்றார். மில்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அக்கா இப்போதெல்லாம் எவ்வளவு வெரசா பதில் எழுதறாங்க என்று முதலாளியிடமே சொன்னார்கள். நான் எழுதுவதற்கு முன்னாலேயே எனக்குப் பாராட்டு வந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியுமா? பேசாமல் இருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையும் விஜயதசமியும் அடுத்தடுத்து வந்து, அதன் பின்னால் ஞாயிறும் ஒட்டிக்கொண்டது. கோவையில் அந்த நாட்களில் ஸ்பேனரைக் கூட யாரும் தொட மாட்டார்கள். முந்தின நாள் வியாழக்கிழமை மத்தியானமே நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை வாங்கி வைத்துவிட்டோம். பூஜைக்கு வைத்த கருவியை ஓட்டக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று. மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் பையன் தயங்கி நின்றான். அணைத்தால், நடுவில் வருகிற கடிதத்துக்கு யாரும் பதில் சொல்லாத மாதிரி ஆகிவிடுமே என்று அவனுக்குக் கவலை. அதற்கும் பொட்டு வைத்துவிட்டு, ஓடும்படியே விட்டுவிட்டு வந்தான். "இது ஒண்ணு மட்டும் டூட்டி பாக்கட்டுங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

நாங்கள் படியிறங்கின பிறகுதான் அவளுடைய முதல் கடிதம் வந்திருக்கிறது. பின்னால் அவளுடைய மில் கணக்கர் சொன்னதையும் கடிதங்களில் இருந்ததையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். தீபாவளி போனஸ் யார் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் ஒட்டுவதாக மில் முதலாளி தொழிலாளர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அன்று சாயங்காலம் போனஸ் ரிப்போர்ட்டை ஓட்டியிருக்கிறாள். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் நின்றது. எங்களுக்கு ஃபோன் பண்ணிப் பார்த்திருக்கிறாள், எடுக்க ஆளில்லை. உடனே எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் போயிற்று. "கடுதாசி வந்து சேந்துருச்சுங்க. இதா, பாத்துட்டே இருக்கறோம். அன்புடன், அக்கா."

கணக்கர் வயதான மனிதர். அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: "அம்மணி, நாலு பேரு உக்காந்தா ரெண்டு நாள்ல கைலயே எழுதிப்போடலாம். இப்பவே ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சுரும்." அவள் வேண்டாம் என்றாள். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

மறுநாள் மில்லிலும் பூஜை. தேங்காய் உடைத்த பிறகு அவள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் போட்டிருக்கிறாள். பண்டிகை நாளில் தொந்தரவு பண்ணுவதற்கு மன்னிப்புக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினாள். அதற்கு வேறு பதில் போயிற்று. "நீங்க சொன்னது புரிஞ்சுதுங்க. கைல எடுத்துட்டோம். கவலைப்படாதீங்க." விஜயதசமியன்று மூன்றாவது. "மறக்கலீங்க. இன்னைக்குள்ள ஒரு வழி பண்ணிப்போடறோம். சாப்பிட்டுட்டு நிம்மதியா இருங்க." ஞாயிற்றுக்கிழமை நாலாவது. "உங்க வேலை எங்க வேலைங்க. இதா முடியுது."

அதே வார்த்தைகளை ஃபோனில் நான் சொல்லியிருந்தால் என் குரலிலேயே அவள் பாதியைத் தள்ளுபடி பண்ணியிருப்பாள். திரையில் குரல் ஏது? எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே நம்பினாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸைத் திறந்து, நாலு டிக்கெட்டையும் வரிசையாகப் பார்த்தேன். நாற்காலியில் கூட உட்காரவில்லை, நின்றபடியே ஃபோன் போட்டேன். கணக்கர்தான் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல். மில் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள், முதலாளி வெளியே வந்து கும்பிட்டுத் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்.

"பொண்ணக் கூப்பிடுங்க. இப்பவே சரி பண்ணீரலாம்" என்றேன்.

"அவள அப்பவே ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க அம்மணி. கம்ப்யூட்டரையும் துணி போட்டு மூடியாச்சு. இனி கைக்கணக்குத்தான்னு முதலாளி சொல்லிப்போட்டாரு."

என் பிடிவாதத்துக்கு அவர் இரங்கி அந்தத் துணியை எடுத்தார். ஃபோனிலேயே வழி சொல்லி, ரிப்போர்ட் எந்த ஆளிடம் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு தொழிலாளிக்கு வேலையில் சேர்ந்த தேதி போடாமல் விட்டிருந்தது. தேதியை அடித்ததும் ரிப்போர்ட் கடைசிவரை ஓடியது. பத்து நிமிஷ வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். சரி, ஆள் இல்லை என்பதையாவது யாரேனும் சொல்லியிருந்தால், கணக்கர் பேச்சைக் கேட்டுக் கையால் எழுதியிருப்பாள்.

ஃபோனை வைத்துவிட்டு அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவன் மூலைக் கம்ப்யூட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நான் ஆறுதலாத்தானுங்க அக்கா எழுதினேன்" என்றான். எனக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

எங்கள் முதலாளி அந்த மில் முதலாளியைக் கூப்பிட்டு, தப்பு எங்களுடையது, பொண்ணை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து "பாக்கலாங்க" என்று வந்தது. எங்கள் ஊரில் பாக்கலாங்க என்றால் முடியாது என்று அர்த்தம். எங்கள் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கொடுங்கள் என்று நான் மல்லுக்கு நின்றேன். அவரும் சரி என்றார். அவளுடைய பக்கத்து வீட்டு ஃபோனுக்குப் பேசினேன். அவள் அப்பா வந்து எடுத்தார். மரியாதையான மனிதர். "ரொம்ப சந்தோசமுங்க. ஆனா பத்திரிகை அடிக்கக் கொடுத்துட்டமுங்க. உங்களுக்கும் அனுப்பறோம், அவசியம் வந்துருங்க" என்றார்.

அந்த வாரமே பதிலை மாற்றினோம். பையனே காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் வைத்து, "நீங்களே எழுதுங்க அக்கா" என்றான். நாலு வாசகம் வேண்டாம், ஒன்று போதும் என்றேன். முதல் வரி எழுத எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. "இத அனுப்பறது மெஷினுங்க. உங்க கடுதாசிய இன்னும் யாரும் படிக்கலீங்க." முதலாளி அந்த வரியைப் பார்த்து முகம் சுளித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மீதியையும் பேசுகிற மாதிரியே எழுதினேன். உங்கள் டிக்கெட் நம்பர் இது. இன்னும் ஏதாவது சொல்ல இருந்தால் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள், அதே நம்பரில் போய்ச் சேரும். ஆபீஸ் இன்ன நேரம் திறக்கும். திறந்து நாலு மணி நேரத்துக்குள் ஒரு ஆள் படித்துவிட்டுத் தன் பேர் போட்டு எழுதுவார். அந்த நாலு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை, பார்த்தோம் என்று சொல்வோம். அவசரமானால் ஃபோன் பண்ணுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கைக்கணக்கை ஆரம்பித்துவிடுங்கள், எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். பையன் அந்த வருஷத்து லீவு நாட்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினான். லீவில் வருகிற கடிதத்துக்கு, "இன்னைக்கு ஆபீஸ்ல யாரும் இல்லீங்க. அடுத்து இன்ன கிழமை காலைல ஒம்பதுக்குத் தொறப்போம்" என்ற வரி முதலில் போகும்படி செய்தான். 'அன்புடன், அக்கா' என்பதை நானே அழித்தேன். ஒரு மில்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பத்தானுங்க சௌரியமா இருக்குது, காத்திருக்கறதா வேண்டாமான்னு தெரியுது" என்று அந்த ஈரோட்டுக்காரர் சொன்னார்.

கல்யாணப் பத்திரிகை நிஜமாகவே வந்தது. உறையின்மேல் 'அக்கா' என்றுதான் எழுதியிருந்தது. நானும் பையனும் பஸ் ஏறி அன்னூருக்குப் போனோம். அவனை நான் கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்தான். பஸ் முழுக்க, "உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப்போடறேனுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கேளு என்றேன்.

அவளை அன்றுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லாமல் சின்னதாக இருந்தாள், கழுத்து மாலையில் பாதி மூழ்கிப்போயிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை யாரிடமோ நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து "நல்லா இருக்கணும் கண்ணு" என்றதுமே என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதானுங்க பத்திரிகை அனுப்பச் சொன்னேன். பூஜை அன்னைக்கு ஊரெல்லாம் லீவு உட்டுட்டு ஊட்ல இருந்தப்ப, நீங்க ஒருத்தரு எனக்காக ஆபீஸ்ல உக்காந்திருந்தீங்க. முடியலீன்னா என்னங்க, நீங்க பாத்தீங்கல்ல."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தத் திங்கக்கெழம எங்க மில்லுல மேனேஜரு சொல்றாரு, அதெல்லாம் மெஷின் போட்ட பதிலு, அங்க ஒருத்தருமே இல்லீன்னு. எனக்கு வந்த கோவத்துக்கு... மெஷினு 'சாப்பிட்டுட்டு நிம்மதியா இருங்க'ன்னு சொல்லுங்களான்னு கேட்டேன். எல்லாரு முன்னாலயும் சண்டை போட்டுப்போட்டுத்தானுங்க வெளிய வந்தேன்." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "நீங்கதானுங்களே அக்கா?"

பையன் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் கண்ணு. உன்னோட நாலு கடுதாசியும் படிச்சேன்."

அவள் முகம் தெளிந்தது. அடுத்த ஆள் மொய்க்கவரோடு பின்னால் நின்றுகொண்டிருந்ததால் நாங்கள் மேடையை விட்டு இறங்கிவிட்டோம். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவள் அப்பா பந்தியில் உட்கார வைத்தார். பையன் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், ஒரு வாய் கூட வைக்கவில்லை. நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீஸைத் திறந்தபோது மூலைக் கம்ப்யூட்டர் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. 'இத அனுப்பறது மெஷினுங்க' என்ற அந்த வரி அவளுக்கு என்றைக்கும் போய்ச் சேராது. அவளுக்குத்தான் இனி கம்ப்யூட்டரே இல்லையே.